மச்சாள் முறைதான், ஆனால் மரபணுவில் பூச்சியம்

நானும் மச்சாளும் துப்பலை அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்திருந்தோம். ரொறன்ரோவிலிருந்து அவள் அனுப்பிய முடிவின் படத்தில் ஒரே ஒரு எண் இருந்தது: 0 cM. எனக்கும் அவளுக்கும் பொதுவான மரபணுத் துண்டு ஒன்றுமே இல்லை என்று அதற்கு அர்த்தம். படத்துக்குக் கீழே, "மச்சான், நாங்கள் சொந்தமில்லையாம்" என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். ஆனாலும் அந்தப் பூச்சியத்தைக் கண்டவுடன் வயிறு கொஞ்சம் கலங்கியது.

நாங்கள் சுழிபுரத்தார். எங்கள் பரம்பரையைப் பற்றி என்னிடம் இருப்பதெல்லாம் இரண்டு வகைக் கடதாசி. ஒன்று, காணி உறுதிகள். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது அப்பா அரிசியை விட்டுவிட்டு உறுதிப் பெட்டியைத்தான் சைக்கிள் கரியரில் கட்டினார். மற்றது, செத்த வீடுகளின் 31ஆம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டுகள். இறந்தவரின் பேரன் பூட்டன் வரைக்கும் பெயர் போட்ட அந்தச் சிறிய புத்தகங்களைப் பழைய பேப்பரோடு எறிந்துவிடாதீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடைக்காத இடத்தில் அவைதான் கை கொடுக்கும்.

இந்தக் கடதாசிகளின்படி எனக்கும் மச்சாளுக்கும் பொதுவானவர்கள் ஒரு கணவனும் மனைவியும். ஊரில் அந்தக் கணவரைப் புளியடியார் என்பார்கள். அப்பா, அப்பப்பா, பூட்டன், கொப்பாட்டன், அதற்கும் மேலே கொப்பாட்டனின் தகப்பன் புளியடியார்: என்னிலிருந்து ஐந்தாம் தலைமுறை. அவருடைய மகன் என் கொப்பாட்டன். மகளுக்கு மூன்று பரப்புக் காணியைச் சீதனமாக எழுதிய 1861ஆம் ஆண்டு உறுதி என் மேசையில் இருக்கிறது. அந்த மகளின் வழியில் வந்தவள்தான் மச்சாள்.

வினை எங்கே வந்ததென்றால், கோயிலில். ஐந்தாம் திருவிழா உபயம் புளியடியார் வழிக்கு உரியது. சித்தப்பா மகன் இந்தப் பூச்சியத்தைக் கேள்விப்பட்டதும் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, கொப்பாட்டன் எடுத்து வளர்த்த பிள்ளை எண்டு முந்தியே ஒரு கதை இருந்தது, தெரியுமோ?" என்றான். கதை இரண்டு நாளில் தெருமுனைக் கடை வரை போய்விட்டது. துப்பல் எடுக்கும் அந்தப் பரிசோதனைக் கிட்டை ஊருக்குக் கொண்டுவந்து எனக்குத் தந்தவனே அவன்தான்.

அவனை இருத்தி வைத்து, சோக்கட்டி பிடிக்காத குறையாகப் பாடம் எடுத்தேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஒவ்வொருவருக்கும் 23 சோடி நிறமூர்த்தம். ஆண் பெண் தீர்மானிக்கும் சோடியைத் தள்ளினால் மீதி 22 சோடி. சோடியில் ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. அப்பா தந்த அந்த ஒன்று அவருக்குள் இருந்தபடியே வந்ததல்ல. அவரிடமும் ஒரு சோடி இருந்தது: ஒன்று அப்பப்பாவுடையது, ஒன்று அப்பம்மாவுடையது. விந்து உண்டாகும் ஒடுக்கற்பிரிவில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, சில இடங்களில் வெட்டுண்டு, துண்டு மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதைத்தான் வகுப்பில் குறுக்குப் பரிமாற்றம் என்று படித்தோம். இங்கே முக்கியமானது வெட்டுகளின் எண்ணிக்கை. ஒரு விந்தில் மொத்தமாக ஏறக்குறைய 26 வெட்டு. முட்டையில் 40ஐத் தாண்டும். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 33 என்று வைத்துக்கொள்ளலாம். 22 நிறமூர்த்தத்துக்கு வெறும் 33 வெட்டு. மாவாக அரைபடுவதில்லை. பெரிய பெரிய துண்டுகளாகத்தான் வருகிறது. 21ஆம் நிறமூர்த்தம் போன்ற சின்னன்கள் ஒரு வெட்டும் இல்லாமல் முழுசாகவே வருவதும் உண்டு.

இப்போது மேலே ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு தலைமுறை மேலே போகும்போதும் முன்னோரின் தொகை இரண்டு மடங்காகிறது. ஆனால் துண்டுகளின் தொகை மடங்காவதில்லை. அப்பா பக்கத்தில் 33, அம்மா பக்கத்தில் 33 என்று கூடிக்கொண்டு மட்டும் போகிறது. ஐந்தாம் தலைமுறையில் 32 முன்னோர், சுமார் 308 துண்டு. ஆளுக்குப் பத்துத் துண்டு அளவில் கிடைக்கும். எட்டாம் தலைமுறையில் 256 பேர், 506 துண்டு. ஒன்பதில் 512 பேர், 572 துண்டு. பத்தில் 1,024 பேர், ஆனால் துண்டு 638தான். பந்தியில் ஆட்கள் இரட்டிப்பாக வந்து உட்காருகிறார்கள், வடையோ கணக்காகத்தான் சுட்டிருக்கிறது. சிலருக்கு இரண்டு விழும், பலருக்கு ஒன்றும் விழாது. விழாதவர்களும் என் முன்னோர்தான். அவர்கள் இல்லாவிட்டால் நான் பிறந்திருக்க மாட்டேன். ஆனால் அவர்களுடைய மரபணு என்னிடம் இல்லை.

"அப்ப புளியடியாரின்ர துண்டும் உங்களிட்ட இல்லாமப் போட்டுதா?" என்று கேட்டான் தம்பி.

இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். இல்லை. ஐந்தாம் தலைமுறை அவ்வளவு தூரமல்ல. ஆளுக்குப் பத்துத் துண்டு என்ற நிலையில் ஒன்றுமே கிடைக்காமல் போவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். என்னிடம் புளியடியாரின் துண்டுகள் இருக்கின்றன. மச்சாளிடமும் இருக்கின்றன. பிரச்சினை, இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே துண்டு இல்லை என்பதுதான். அப்பா எனக்குத் தந்த நிறமூர்த்தங்களின் நீளத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு புளியடியாருடையது. அவளிடமும் அவ்வளவுதான். ஆனால் என்னுடையது 3ஆம், 11ஆம் நிறமூர்த்தங்களில் கிடந்து, அவளுடையது 6இலும் 14இலும் கிடந்தால் பரிசோதனை எதை ஒப்பிட்டுக் காட்டும்? இடம் ஒன்றாக விழுந்தாலும் போதாது. புளியடியாரிடம் இருந்த சோடியில் ஒரே பிரதி இரண்டு பேருக்கும் வந்திருக்க வேண்டும். புளியடியாரையும் மனைவியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ஐந்தாம் தலைமுறையில் பொது முன்னோர் உள்ள எங்களைப் போன்ற நாலாம் சுற்று மச்சான் மச்சாளுக்குச் சராசரியாக 13 cM அளவுதான் பொதுவாக இருக்கும். cM என்பது சென்ரிமோர்கன், துண்டின் நீளத்தை வெட்டுப்படும் வாய்ப்பை வைத்து அளக்கும் அலகு. அந்த 13உம் எல்லோருக்கும் பங்கிட்டு வருவதில்லை. ஒருத்தருக்கு 25ஆக விழும், இன்னொருத்தருக்குப் பூச்சியமாகப் போகும். கம்பனிகள் பொதுவாக 7, 8 cMக்குக் குறைந்த துண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் அந்த அளவில் தற்செயலான ஒற்றுமையும் சொந்தம் போலத் தெரியும். ஆகவே நாலாம் சுற்றில் பாதிப் பேருக்குப் பூச்சியம்தான் வரும். காசைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி. எனக்குப் பூ விழவில்லை, அவ்வளவுதான்.

எந்தப் பூச்சியத்துக்குப் பயப்பட வேண்டும் என்றும் அவனுக்குச் சொன்னேன். அப்பப்பாவும் அப்பப்பாவும் கூடப்பிறந்தவர்களாக இருக்கிற இரண்டாம் சுற்றுச் சொந்தத்தில் பூச்சியம் வந்தால் அது கதைக்க வேண்டிய விஷயம். அங்கே பொதுத் துண்டு ஒன்றும் இல்லாமல் போவதில்லை. அப்படி வந்தால், குழாய் மாறிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் வேறு யோசனை. மூன்றாம் சுற்றில் பத்துப் பேரில் ஒருவருக்குப் பூச்சியம் வரலாம். நாலாம் சுற்றிலும் அதற்கு மேலேயும் பூச்சியம் எதையும் நிரூபிக்காது.

சொல்லிவிட்டேன், ஆனால் தெருமுனைக் கடைக்குச் சராசரிக் கணக்குப் போதாது. அடுத்த முறை கனடாவிலிருந்து ஆள் வந்தபோது இரண்டு கிட் கேட்டு வாங்கினேன். ஒன்று என் அக்காவுக்கு, மற்றது மாமிக்கு. மாமி அப்பாவின் தங்கை, அப்போது வயது 88.

என்னைக் கேட்டால் முதல் கிட்டையே மாமிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். அவ புளியடியாருக்கு ஒரு தலைமுறை கிட்ட. எனக்கு 32இல் ஒருவர் என்றால் அவவுக்கு 16இல் ஒருவர். என்னில் வெட்டுப்பட்டு விடுபட்டுப்போன துண்டுகள் அவவிடம் இன்னும் இருக்கக்கூடும். வீட்டில் மூத்த தலைமுறை ஒருவராவது உயிரோடு இருந்தால் உங்கள் துப்பலில் காசைச் செலவழிக்க வேண்டாம், அவர்களுடையதை எடுங்கள்.

மாமியிடம் எடுப்பது லேசான வேலையாக இருக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், தேத்தண்ணி ஒன்றும் கூடாது. முக்கியமாக வெற்றிலை கூடாது. மாமிக்கு வாய் காய்ந்துவிட்டது. குழாயின் கோடு வரை நிரப்ப நாற்பது நிமிடம் எடுத்தது. நுரை கணக்கில்லை என்று சொன்னபோது, "அப்ப நுரையையும் நீயே குடி" என்று ஏசினா. அதற்கு முன் வேறொன்றும் செய்தேன்: இந்தப் பரிசோதனையில் குடும்பம் எதிர்பார்க்காத ஒன்றும் வெளிவரக்கூடும், எடுத்து வளர்த்த கதைகளும் உண்மையாக இருக்கக்கூடும், தெரிய வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கோ என்று விளக்கிக் கேட்டேன். "இந்த வயதில எனக்கென்ன தம்பி, எடு" என்றா. அந்தக் கேள்வியைக் கேட்காமல் யாருடைய துப்பலையும் எடுக்காதீர்கள். வந்த பிறகு அதை மறைத்து வைக்க ஏலாது.

ஏழு வாரத்தில் முடிவு வந்தது. மாமிக்கும் மச்சாளுக்கும் 47 cM, மூன்று துண்டு. அக்காவுக்கும் மச்சாளுக்கும் 19 cM, ஒரே துண்டு, 9ஆம் நிறமூர்த்தத்தில். அக்காவின் துண்டு மாமியின் பெரிய துண்டு கிடக்கும் அதே இடத்துக்குள் அடங்கியிருந்தது. அக்காவும் மாமியும் அந்த இடத்தில் தங்களுக்குள்ளும் பொருந்தினார்கள். இந்தக் கடைசிப் பொருத்தம் முக்கியம். அக்காவின் துண்டு அம்மா பக்கத்தால் வேறு வழியில் வந்ததோ என்ற சந்தேகம் அதோடு போகிறது. மாமி அப்பா பக்கத்து ஆள். எங்கள் அம்மாவோடு அவவுக்கு எந்த உறவும் கடதாசியில் இல்லை.

அக்காவுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை? அப்பா தந்த 9ஆம் நிறமூர்த்தத்தில் அந்த இடத்தில் அக்காவுக்கு அப்பப்பாவின் பிரதி விழுந்தது, எனக்கு அப்பம்மாவின் பிரதி விழுந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இருவர் தாய் தகப்பனிடமிருந்து ஒரே பாதியைப் பெறுவதில்லை. ஒரு பிள்ளையிடம் பெற்றோரின் மரபணுவில் பாதி இருக்கும். இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தால் முக்கால்வாசி. நான்கு பேரைச் சேர்த்தால் பதினாறில் பதினைந்து. அதனால்தான், மூத்தவர்கள் போய்விட்ட வீட்டில் சகோதரம் எல்லோரையும் பரிசோதிப்பது பிரயோசனமானது. காணியாக இருந்தால் அப்பாவின் வளவு முழுவதும் பிள்ளைகளுக்குள் பிரிந்துவிடும், எதுவும் மிஞ்சாது. மரபணுவில் ஒருவருக்கும் எழுதப்படாமல் போகும் துண்டும் உண்டு. நான்கு பிள்ளைகள் இருந்தாலும் பதினாறில் ஒன்று அப்பாவோடேயே எரிந்துவிடும்.

கொப்பாட்டன் எடுத்து வளர்த்த பிள்ளை என்ற கதை அத்தோடு அடங்கியது. தம்பி மாமியிடம் வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஆனால் அடுத்த திருவிழாவுக்கு இளநீர் பறிக்க முதல் ஆளாக வந்து நின்றான்.

இதற்குள் எனக்கு ஆசை கூடிவிட்டது. எங்கள் குடும்பத்தில் இன்னுமொரு பெருமை உண்டு: ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் பார்த்த ஒரு முதலியார் எங்கள் முன்னோராம். யாழ்ப்பாணத்தில் இந்தப் பெருமை இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம், அது வேறு விஷயம். ஓலை உறுதி ஒன்றையும் பெரியப்பாவின் கல்வெட்டையும் வைத்துப் பார்த்தால் அவர் எனக்குப் பத்தாம் தலைமுறை. அந்த ஓலையைச் சரி என்றே வைத்துக்கொள்வோம். 1,024 இடத்தில் அவருக்கு ஒரு இடம். மேலே சொன்ன துண்டுக் கணக்கில் அவருடைய துண்டு ஒன்றாவது என்னிடம் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 46. பாதிக்கும் குறைவு. அதாவது பத்தாம் தலைமுறையில் என் முன்னோரில் பாதிக்கு மேற்பட்டோர் பரம்பரை மரத்தில் மட்டும் இருக்கிறார்கள், உடம்பில் இல்லை. மாமியின் 47ஐயும் என் பூச்சியத்தையும் மச்சாளோடு ஒப்பிட்டது போல இதை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. முதலியாரின் துப்பல் எங்களிடம் கிடையாது.

அப்புறம் ஒரு திருத்தம், இது யாழ்ப்பாணத்துக்கே உரியது. 1,024 இடம் என்றால் 1,024 ஆட்கள் இல்லை. மச்சான் மச்சாளைக் கட்டுகிற ஊர் இது. சொந்த மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டுப் பூட்டன் பூட்டிமார் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். காணி வெளியே போகாமல் பார்த்துப் பார்த்துக் கட்டியதில், மேலே போகப் போக ஒரே ஆள் பல இடங்களில் உட்கார்ந்திருப்பார். என் கணக்கில் முதலியார் தனித்தனி வழிகளில் மூன்று இடத்தில் வருகிறார். அப்படியானால் அவருடைய துண்டு ஒன்றாவது எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு 46இலிருந்து 85 வரை ஏறுகிறது. சொந்தத்துக்குள் கட்டுவது முன்னோரின் தொகையைக் குறைக்கிறது, மிஞ்சுகிறவர்களை உடம்பில் தங்கவும் வைக்கிறது.

இன்னும் பின்னால் போனால் கணக்கு வேடிக்கையாகிவிடும். இருபதாம் தலைமுறையில் பத்து லட்சத்துக்கு மேல் இடம். இன்றைய யாழ் மாவட்டத்தின் சனத்தொகையே ஆறு லட்சம் அளவுதான். அந்தக் காலத்தில் நல்லூரில் ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் வழி நாங்கள் என்று ஒருவர் சொன்னால், பரம்பரை மரத்தை வைத்து மறுப்பது கஷ்டம், அநேகமாக அவருடைய அயலவரும் அந்த வழிதான். ஆனால் அந்தத் தலைமுறையில் ஒரு இடத்தில் மட்டும் இருக்கும் ஒருவரின் துண்டு இன்று ஒருவரிடம் இருக்க வாய்ப்பு ஏறக்குறைய எண்ணூறில் ஒன்று. எங்கள் வீட்டில் ஒரு பறங்கிப் பூட்டி பற்றிய கதையும் உண்டு. பரிசோதனை முடிவில் எந்தப் பிரதேசத்து மரபணு எவ்வளவு என்று காட்டும் பகுதியில், ஐரோப்பா என்ற இடத்தில் எனக்குப் பூச்சியம் வந்ததும் அக்கா அந்தக் கதையைப் பொய் என்றாள். அது ஒன்பதாம் தலைமுறைக் கதை. உண்மையாக இருந்தாலும் எதிர்பார்க்கக்கூடிய பங்கு 512இல் ஒன்று, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு ஒன்றுமே இல்லாமல் போகவும்தான்.

வெட்டுப்படாமல் வருகிற இரண்டு வழிகளையும் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமை தெரிந்தவர்களுக்கு இது லேசாகப் புரியும். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் Y நிறமூர்த்தம் முதுசொம் மாதிரி. தாயிடமிருந்து வரும் இழைமணி மரபணு சீதனம் மாதிரி, மகள் வழியே மகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். மகனுக்கும் அது கிடைக்கும், ஆனால் அவன் தன் பிள்ளைகளுக்கு அதை எழுதிக் கொடுக்க முடியாது. பத்தாம் தலைமுறையில் 1,024 இடத்தில் Y ஒருவரிடமிருந்து, இழைமணி இன்னொருவரிடமிருந்து. மீதி 1,022 பேரைப் பற்றி இரண்டும் வாய் திறக்காது. முதலியார் என்னிடம் வரும் மூன்று வழியும் அப்பம்மா பக்கத்தால். ஆகவே என் Yயைப் பரிசோதித்து அவரைத் தேடுவது வீண் செலவு.

இரண்டாவது சிக்கல் லண்டனிலிருந்து வந்தது. பூச்சியத்துக்கு நேர் எதிர். அங்கே ஒரு மச்சானோடு எனக்கு 118 cM. திரையில் இரண்டாம், மூன்றாம் சுற்றுச் சொந்தம் என்று போட்டிருந்தது. கடதாசியில் அவர் நாலாம் சுற்று. யாரோ ஒரு பூட்டியைப் பற்றிக் கதை கட்ட இன்னொரு சந்தர்ப்பம். இந்த முறை கூட்டுத்தொகையை விட்டுவிட்டுத் துண்டுகளைப் பார்த்தேன். ஒன்பது துண்டு, மிக நீளமானது 21 cM. உண்மையான இரண்டாம் சுற்றாக இருந்திருந்தால் இதைவிட நீளமான துண்டு ஒன்றாவது இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், ஏனென்றால் வெட்டுப்பட அவ்வளவு தலைமுறை ஆகியிருக்காது. சின்னச் சின்னத் துண்டுகளாக நிறைய வந்தால், தூரத்து உறவு பல வழிகளில் கூடி வந்திருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். எங்கள் ஊர் போன்ற ஊர்களில் திரை சொல்லும் சுற்றை ஒன்றிரண்டு தள்ளியே வாசிக்கிறேன்.

உறுதிப் பெட்டியை மறுபடி கொட்டினேன். லண்டன் மச்சானின் அம்மம்மா வழியில் ஒரு மாற்றுச் சம்பந்தம் இருந்தது, ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் மறு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் மாறிக் கட்டியது. அது இரண்டாவது வழி. மூன்றாவது வழி இன்னும் பிடிபடவில்லை. 1890ஆம் ஆண்டளவு உறுதி ஒன்றின் கடைசிப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. காணிக் கந்தோரில் பிரதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

மச்சாள் இந்த ஆவணியில் வந்தாள். மாமி அவளைக் கிட்ட இருத்தி, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மூக்கு புளியடி மூக்குத்தான்" என்றா. புளியடியாரை மாமி கண்டதில்லை, படமும் இல்லை என்று நான் நினைவூட்டினேன். "நீ போய் உன்ர துண்டுகளை எண்ணு" என்று சொல்லிவிட்டு, மச்சாளுக்கு ஒடியற்கூழ் வார்க்கச் சொன்னா.